குழந்தைக்கு ஏற்ற படத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் சென்சார் சான்றிதழைப் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 'யு' என்பது எந்த வயதினரும் பார்க்கத் தடையில்லை என்று மட்டுமே சொல்கிறது. குழந்தைகளுக்காக எடுத்த படம் என்று சொல்வதில்லை. 2024 முதல் 'யுஏ' பிரிவு 7, 13, 16 வயது எனப் பிரிக்கப்பட்டிருப்பதால், அச்சமூட்டும் காட்சிகளையும் வன்முறையையும் ஓரளவு ஊகிக்கலாம். கதாநாயகன் பிறரை எப்படி நடத்துகிறான் என்பதை மட்டும் எந்தச் சான்றிதழும் சொல்லாது.

ஆகவே அடுத்ததாக, பிள்ளைகள் தூங்கிய பின் படத்தை நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். அப்போது சிரிப்புக் காட்சிகளைக் குறிப்பாகக் கவனியுங்கள். குண்டான பையனையோ, திக்கிப் பேசுபவரையோ, கறுப்பு நிறத்தையோ கேலி செய்துதான் சிரிக்க வைக்கிறார்கள் என்றால், கடைசியில் வரும் அறிவுரை வசனம் அதைச் சரிக்கட்டாது. மறுநாள் பள்ளியில் பிள்ளை சொல்லிக் காட்டப்போவது அந்தக் கேலியைத்தான்.

மூன்றாவதாக, நல்ல குணம் வசனத்தில் இருக்கிறதா, செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். மஜித் மஜிதி இயக்கி 1997இல் வந்த ஈரானியப் படமான 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மசூதிக்குரிய சர்க்கரைக் கட்டிகளை அப்பா வீட்டில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொண்டுவருகிறாள். எதிரே அவ்வளவு சர்க்கரை குவிந்து கிடக்க, அது மசூதியுடையது என்பதால் தம் தேநீருக்கு வீட்டுச் சர்க்கரையைக் கேட்கிறார். நேர்மையைப் பற்றி யாரும் நீட்டி முழக்குவதில்லை, காட்சி நகர்ந்துவிடுகிறது. இப்படி ஓரிரு காட்சிகளாவது இல்லாமல், ஆசிரியரோ தாத்தாவோ நின்று பேசும் நீண்ட வசனத்தை மட்டும் நம்பியிருக்கும் படத்தை நான் ஒதுக்கிவிடுவேன்.

நான்காவது படியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இதே படத்தில் சிறுவன் அலி, தைத்து வாங்கிவந்த தங்கையின் காலணியைக் காய்கறிக் கடையில் தொலைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லாதே என்று அவளைக் கெஞ்சுகிறான். மறைப்பது தவறுதானே என்று படத்தையே தள்ளிவிடலாகாது. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் யார் என்று பாருங்கள். இருவரும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றி அணிகிறார்கள். தங்கை பள்ளி விட்டதும் ஓடிவர, அதை மாட்டிக்கொண்டு அவன் ஓடுகிறான், தாமதமாகப் போய்த் திட்டும் வாங்குகிறான். தவறு செய்தவன் அதன் பாரத்தைச் சுமப்பதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. ஏமாற்றியவன் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகும் படம்தான் தள்ளத்தக்கது.

இறுதியாக, மொழியையும் நீளத்தையும் பாருங்கள். இது ஒன்றரை மணி நேரப் பாரசீக மொழிப் படம். துணைவரிகளை வேகமாகப் படிக்க முடியாத பிள்ளைக்கு நீங்கள் அருகில் அமர்ந்து மெல்லச் சொல்ல வேண்டியிருக்கும். முடிவுக்குச் சற்றுமுன் அப்பாவின் சைக்கிளில் புதுக் காலணிகள் தெரியும் காட்சி சட்டென்று போய்விடும். அதைத் தவறவிட்ட பிள்ளைக்குப் படம் சோகமாகவே முடியும் என்பதால், அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டிக் காட்டுங்கள்.