காரேஜ் தளத்துக்கு டிரை ஷேக் ஹார்டனர்: சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ, அதைச் சமமாக விழவைப்பது எப்படி

டிரை ஷேக் ஹார்டனர் என்பது சிமெண்டும் மிகக் கடினமான கல் துகள்களும் கலந்த உலர்ந்த தூள். புதிதாகப் போட்ட கான்கிரீட் இறுகத் தொடங்கும்போது அதைத் தூவித் தேய்த்துவிட்டால், மேல்பரப்பில் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை தேய்மானம் தாங்கும் ஒரு படலம் உருவாகும். தூளில் தண்ணீர் கிடையாது. தனக்கு வேண்டிய ஈரத்தை அது அடியிலிருக்கும் கான்கிரீட்டிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. அளவு, நேரம், தேய்ப்பு எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சார்ந்தவை.

எத்தனை கிலோ?

கல் துகள் வகை ஹார்டனருக்கு, வீட்டுக் கார் மட்டும் நிற்கும் இடமானால் சதுர மீட்டருக்கு 3 கிலோ போதும். ஜாக், டிராலி, இரும்புச் சாமான் இழுபடும் பட்டறைக்கு 5 கிலோ. கனரக வண்டி ஓடும் தளத்துக்கு 7 கிலோ வரை போகலாம். இரும்புத் துகள் வகைக்கு இதைவிட அதிகம் தேவைப்படும். மழை படும் இடத்தில் அது துருவும் பிடிக்கும். எந்த வகையானாலும் மூட்டையில் அச்சிட்ட அளவு வேறாக இருந்தால், மூட்டையில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

"கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் உறுதிதானே" என்று தோன்றும். அப்படியில்லை. கான்கிரீட்டால் தரமுடிந்த ஈரத்துக்கும் மேலாகத் தூள் விழுந்தால், மேலே இருப்பது நனையாமலே நிற்கும். சில மாதத்தில் தகடு தகடாகப் பெயரும். குறைத்துப் போட்டால் ஓரிடம் கெட்டியாகவும் பக்கத்து இடம் சாதாரணக் கான்கிரீட்டாகவும் இருக்கும். ஆகவே மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அது சமமாக விழவேண்டும்.

ஒரு கணக்கு: 6 மீட்டருக்கு 5 மீட்டர் பட்டறை

பரப்பு 30 சதுர மீட்டர். 5 கிலோ வீதம் 150 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை 6. சிந்துவதற்கும் மூலைகளுக்கும் ஒரு மூட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் மிஞ்சட்டும், தீர்க்கவேண்டும் என்று அதையும் தூவிவிடாதீர்கள்.

6 மீட்டர் நீளமுள்ள சுவர்கள் இரண்டிலும் ஒவ்வொரு மீட்டருக்கும் சாக்பீஸால் கோடு போட்டால், 1 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட 6 பட்டைகள் கிடைக்கும். ஒரு பட்டை 5 சதுர மீட்டர். அதற்கு வேண்டியது 25 கிலோ, சரியாக ஒரு மூட்டை. கான்கிரீட் வருமுன்பே ஒவ்வொரு பட்டைக்கும் நேராக, நனையாத இடத்தில், ஒரு மூட்டையை அடுக்கிவைத்துவிடுங்கள். வேலை நடுவில் எந்தப் பட்டை முடிந்தது, எது பாக்கி என்பதை மூட்டையே சொல்லிவிடும்.

இனி வாளி. மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய 8.3 கிலோ. அந்த எடைத் தூளை ஒருமுறை தராசில் நிறுத்து வாளியில் கொட்டி, அது நிற்கும் மட்டத்தில் உட்புறம் கோடு போட்டுவிடுங்கள். முதல் தூவலுக்குப் பட்டைக்கு இரண்டு வாளி, இரண்டாம் தூவலுக்கு ஒரு வாளி. பிறகு தராசே தேவையில்லை.

எப்போது தூவுவது?

தொடக்கக்காரர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கான்கிரீட் போட்டு மட்டம் தட்டியதும் தண்ணீர் மேலே ஊறி வந்து பளபளக்கும். அந்தத் தண்ணீர் இருக்கும்போது தூவவே கூடாது. அது தூளைக் கூழாக்கிப் படலத்தைப் பலவீனமாக்கும், அடியில் சிக்கிக்கொண்டு மேலோட்டைப் பிரித்தும் விடும். கான்கிரீட்டுக்கு அடியில் பாலிதீன் விரித்திருந்தால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. ஊறல் அடங்க இன்னும் நேரமாகும்.

பளபளப்பு மறைந்த பின் தட்டையான செருப்புக் காலை வைத்துப் பாருங்கள். தடம் 3 முதல் 5 மில்லிமீட்டர் ஆழம் பதிந்தால் நேரம் சரி. அதைவிட ஆழமாகப் போனால் காத்திருங்கள். தடமே பதியவில்லை என்றால் நேரம் கடந்துவிட்டது. சுவரோரமும் வெயில் படும் வாசல் பக்கமும் முந்தி இறுகும் என்பதால் தூவலை அங்கிருந்து தொடங்குங்கள். தளம் முழுக்க ஒரே நேரத்தில் தயாராகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தூவலும் தேய்ப்பும்

1. மணியாஸ் கட்டையாலோ தட்டு பொருத்திய பவர் ட்ரோவல் என்ற சுழலும் தேய்ப்பு இயந்திரத்தாலோ மேல்பரப்பை லேசாகத் தேய்த்துத் திறந்துவிடுங்கள். பால் போலப் படிந்த மெல்லிய சிமெண்ட் ஏடு உடையவேண்டும்.

2. இரண்டு வாளித் தூளையும் பட்டையில் பரப்புங்கள். கையைத் தரைக்கு அருகில் வைத்து வீசுங்கள். உயரத்திலிருந்து எறிந்தால் கனமான துகள் ஓரிடத்திலும் காற்றில் பறக்கும் சிமெண்ட் வேறிடத்திலும் விழும். நடுப்பகுதிக்குப் பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். முகமூடியும் கையுறையும் அவசியம்.

3. இப்போது நிறத்தைக் கவனியுங்கள். வெளிறிய தூள் ஈரம் இழுக்க இழுக்கக் கருக்கும். முழுப்பட்டையும் ஒரே நிறமாகக் கருத்த பிறகே தேய்க்கவேண்டும். வெள்ளைத் திட்டாக நிற்கும் இடத்தில் தூள் அதிகம், அல்லது அடியில் ஈரம் தீர்ந்துவிட்டது. அந்தத் திட்டின்மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். தெளித்தால் மேற்பரப்பு மட்டும் சேறாகும், அடியோடு ஒட்டாது. இன்னும் நனையாத தூளை வாரி எடுத்துவிடுவதே நல்லது.

4. தேய்த்து முடித்த கையோடு மூன்றாவது வாளியை முதல் வீச்சுக்குக் குறுக்காகத் தூவுங்கள். கருத்ததும் மறுபடி தேயுங்கள்.

5. பரப்பு இன்னும் இறுகி, விரலை வைத்தால் பசை ஒட்டாத நிலை வந்தபின் பவர் ட்ரோவலில் தட்டுக்குப் பதிலாகப் பிளேடு போட்டு மெருகேற்றுங்கள். சீக்கிரமே பிளேடு ஓட்டினால் மேற்பரப்பு மூடிக்கொண்டு அடித்தண்ணீரும் காற்றும் உள்ளே சிக்கும். மூலைகளைக் கையால் கரணை போட்டே முடிக்கவேண்டும்.

கலவை வாங்கும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். காற்றுக்குமிழி சேர்க்கும் ரசாயனம் கலக்கக் கூடாது. கலவையில் காற்று 3 சதவீதத்தைத் தாண்டினால் அழுத்தித் தேய்க்கும் தளம் பெயரும் வாய்ப்பு அதிகம். தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45 முதல் 0.5 வரை இருந்தால் தூளுக்குப் போதுமான ஈரமும் கிடைக்கும், ஊறலும் கட்டுக்குள் நிற்கும். வெயிலோடு காற்றும் அடிக்கும் நாளில் மேற்பரப்பு தூவுமுன்பே காய்ந்துவிடும். அன்று நிழல் கட்டுங்கள், முடியாவிட்டால் தேதியை மாற்றுங்கள்.

பிறகு

மெருகு முடிந்து பரப்பில் தடம் விழாத நிலை வந்தவுடனே, ஈரம் ஆவியாகாமல் தடுக்கும் க்யூரிங் காம்பவுண்ட் அடியுங்கள், அல்லது சுருக்கமில்லாமல் பாலிதீன் விரித்து 7 நாள் மூடிவையுங்கள். சுருக்கம் இருந்தால் அதே கோடு தளத்தில் கறையாகத் தங்கும். ஜாக் ஏற்றுவதையும் கனமான வண்டி ஓட்டுவதையும் 28 நாள் தள்ளிவையுங்கள்.

பாலிதீனை எடுத்ததும் ஒரு சிறு இரும்புக் கம்பியால் அரை மீட்டருக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் படலம் பிடித்திருக்கிறது. டொக்கென்று வெற்றொலி வரும் இடத்தில் பிரிந்திருக்கிறது. அங்கே வட்டம் போட்டுவிடுங்கள். அந்த அளவுக்கு மட்டும் வெட்டி எடுத்து, ஒட்டுப்பூச்சு அடித்துப் பழுதுபார்ப்புக் கலவையால் நிரப்பவேண்டும். காய்ந்த தளத்தின் மேல் மறுபடி டிரை ஷேக் தூவி அதைச் சரிசெய்ய முடியாது.