குளிர்நீர்ப் பம்புக்கு விஎஸ்டி: 2.3 கிலோவாட் எதிர்பார்த்தேன், 7.7 வந்தது

யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலின் குளிர்நீர்ப் பம்புக்கு விஎஸ்டி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், பூட்டிக் கொடுத்தேன். மாதம் முடிந்து கரண்ட் பில் வந்ததும் முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, நீர் சொன்ன மிச்சம் எங்கே?" அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதத்தில் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். வயரிங், பராமீட்டர் போடுவது எல்லாம் டிரைவோடு வரும் புத்தகத்திலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பம்பின் விவரம் இது. முழு வேகத்தில் செக்கனுக்கு 30 லீற்றர், 25 மீற்றர் ஹெட், அதாவது 25 மீற்றர் உயர நீர் தரும் அழுத்தம், 11 கிலோவாட் மோட்டார். விஎஸ்டி இல்லாமல் முழு ஓட்டத்தில் எடுத்த மின்சாரம் 10.8 கிலோவாட். நீரைக் குளிர்விக்கும் சில்லருக்குத் தனிப் பம்ப் இருக்கிறது. இது கட்டடத்துக்குள் நீரைச் சுற்றவிடும் இரண்டாம் நிலைப் பம்ப்.

படி 1: வால்வைப் பாருங்கள்

குளிர்நீர்க் காயில் வழியாகக் காற்றை ஊதி அறையைக் குளிர்விக்கும் ஏர் ஹேண்ட்லர்களில் இருப்பது இருவழி வால்வா, மூவழி வால்வா என்று முதலில் பாருங்கள். மூவழி வால்வு என்றால், காயிலுக்கு வேண்டாத நீர் பைபாஸ் வழியாகத் திரும்பி வந்துவிடும். அறை குளிர்ந்தாலும் மொத்த ஓட்டம் பெரிதாகக் குறையாது, பம்பும் வேகத்தைக் குறைக்கக் காரணம் இராது. இங்கே எல்லாமே இருவழி வால்வு. அப்புறம், பம்பின் வெளிவாயில் பாதி மூடிக்கிடந்த வால்வை முழுதாகத் திறந்துவிட்டேன். ஓட்டத்தை இனி வேகம் பார்த்துக்கொள்ளும், வால்வு நெரிக்க வேண்டியதில்லை.

படி 2: கணக்கு

அஃபினிட்டி விதிகளின்படி ஓட்டம் வேகத்தோடு நேராகவும், ஹெட் வேகத்தின் வர்க்கமாகவும், சக்தி வேகத்தின் கனமாகவும் மாறும்.

```
P2 = P1 × (N2 / N1)^3
10.8 × 0.6^3 = 2.3 kW
```

இந்த ஹோட்டலில் இரவு நேரங்களில் பெரும்பாலும் 60 வீத ஓட்டம் போதும். அப்படியானால் முழு வேகத்தின் 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 30 ஹெர்ட்ஸ், 2.3 கிலோவாட். இந்த எண்ணைத்தான் முதலாளியிடம் சொல்லியிருந்தேன். ஆனால் இரவில் போய்ப் பார்த்தபோது டிரைவ் 46 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, மீற்றர் 7.7 கிலோவாட் காட்டியது.

அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டிரைவின் திரையில் தெரியும் கிலோவாட் பொதுவாக மோட்டாருக்குப் போகும் சக்தி. டிரைவின் சொந்த இழப்பு அதில் வராது. சாதாரண கிளாம்ப் மீற்றரை டிரைவுக்குப் பின்னால் போட்டால் அலைவடிவம் குழப்பிவிடும். நான் மூன்று கட்டப் பவர் அனலைசரை டிரைவின் முன்பக்கத்தில், மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் போட்டுத்தான் அளக்கிறேன். ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தாலும் போதும்.

படி 3: சென்சர் எங்கே இருக்கிறது?

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். அழுத்த வேறுபாட்டுச் சென்சரைப் பம்ப் அறையிலேயே, பம்பின் இரு பக்கத்துக்கும் குறுக்கே பூட்டியிருந்தேன். கேபிள் இழுக்கும் வேலை மிச்சம் என்று நினைத்தேன். டிரைவுக்குக் கொடுத்த கட்டளை, அங்கே எப்போதும் 25 மீற்றர், அதாவது சுமார் 2.45 பார் இருக்க வேண்டும் என்பது.

இப்போது விதியைத் திரும்பப் பாருங்கள். வேகம் குறைந்தால் ஹெட்டும் வர்க்கமாகக் குறையும் என்கிறது அது. 30 ஹெர்ட்ஸில் இந்தப் பம்பால் 25 மீற்றரில் 36 வீதம், அதாவது 9 மீற்றர்தான் தர முடியும். நானோ 25 மீற்றரைக் குறைக்காதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஹெட் குறையாமல் வேகம் எப்படிக் குறையும்? கனக் கணக்கு பொருந்த வேண்டுமானால் சுற்றில் உள்ள தடை முழுவதும் ஓட்டத்தோடு வர்க்கமாகக் குறைய வேண்டும். ஓட்டம் எவ்வளவு குறைந்தாலும் குறையாத ஓர் அழுத்தத்தை நாம் பிடித்துவைத்தால், அந்தப் பங்குக்குக் கனக் கணக்கு செல்லாது.

சென்சரைக் கழற்றி, குழாய்ப் பாதையின் கடைசியில் இருக்கும் ஏர் ஹேண்ட்லருக்குக் கொண்டுபோனேன். முழு ஓட்டத்தில் அந்தக் காயிலுக்கும் வால்வுக்கும் தேவை 12 மீற்றர். டிரைவ் பிடித்துவைக்க வேண்டிய அழுத்தமாக, அதாவது செட்பொயின்டாக, அதையே கொடுத்தேன். மீதி 13 மீற்றர் குழாயின் உராய்வு. 60 வீத ஓட்டத்தில் அந்த உராய்வு 4.7 மீற்றராக இறங்கிவிடும். ஆக, பம்ப் தர வேண்டியது 12 + 4.7 = 16.7 மீற்றர். டிரைவ் 39 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது, மீற்றர் 4.9 காட்டியது. கேபிளுக்குச் செலவழித்த பணத்துக்கு இது பெரிய இறக்கம்.

படி 4: செட்பொயின்டைக் குறையுங்கள்

மிஞ்சியது அந்த 12 மீற்றர். எல்லா அறைகளும் 60 வீத ஓட்டத்தில் இருந்தால், வால்வுகள் முழுதாகத் திறந்திருக்கையில் காயிலுக்குத் தேவை 12இல் 36 வீதம், சுமார் 4.3 மீற்றர். அதற்கு மேல் கொடுப்பதை வால்வுகள் நெரித்து வீணாக்குகின்றன. கொஞ்சம் கையிருப்போடு இரவுக்கு 6 மீற்றர் வைத்தேன். 32 ஹெர்ட்ஸ், 3.1 கிலோவாட். 7.7இலிருந்து பார்த்தால் 12 மணி நேர இரவு ஒன்றுக்குச் சுமார் 55 யூனிட் மிச்சம்.

2.3 வரவேயில்லை, வராது. செட்பொயின்டை அந்த 4.3 மீற்றருக்கே இறக்கினாலும் வராது. மோட்டார் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்குச் சுமையில் ஓடும்போது அதன் வினைத்திறன் குறைகிறது, டிரைவின் இழப்பும் சுமை இறங்கும் அளவுக்கு இறங்குவதில்லை. கன விதி தருவது பம்பின் தண்டுக்கான சக்தி. பில் வருவது மின்கம்பியில் எடுத்த சக்திக்கு. வாடிக்கையாளரிடம் இப்போது நான் இந்த இரண்டாவது எண்ணைத்தான் சொல்கிறேன்.

பின்சேர்க்கை 1

நேரம் பார்த்துச் செட்பொயின்டை மாற்றியது வைகாசியில் பிழைத்தது. கலியாண இரவு, மண்டபம் நிறைந்த சனம், வெக்கை தாங்கவில்லை. மற்ற அறைகள் 60 வீதத்தில் இருந்தாலும் மண்டபத்துக்கு முழு ஓட்டம் வேண்டும், அதற்கு 6 மீற்றர் போதாது. வால்வு 100 வீதம் திறந்தும் அறை குளிரவில்லை என்றால் அதுதான் அடையாளம். இப்போது நேரத்தை விட்டுவிட்டு, மிக அதிகமாகத் திறந்திருக்கும் வால்வைப் பார்த்துச் செட்பொயின்ட் மாறும்படி செய்திருக்கிறேன். அது 90 வீதத்தைத் தாண்டினால் அழுத்தம் மெல்ல ஏறும், 80க்குக் கீழே போனால் மெல்ல இறங்கும்.

பின்சேர்க்கை 2

"ஐந்து மாடிக் கட்டடம், நீரை மேலே ஏற்றும் உயரத்தைக் கணக்கில் எடுக்கவில்லையே" என்று இருவர் கேட்டிருந்தார்கள். மூடிய சுற்றில் ஏறும் நீரின் பாரத்தை இறங்கும் நீர் சரிசெய்துவிடும், உயரம் கணக்கில் வராது. கூலிங் டவர் பம்ப் வேறு. அங்கே நீர் திறந்த தொட்டியில் விழுவதால், தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேலே தெளிக்கும் இடம் வரையான உயரம் எந்த வேகத்திலும் குறையாது.

இன்னொருவரின் ஆலையில் ஒரே பம்ப்தான் சில்லருக்கும் கட்டடத்துக்கும். அங்கே செட்பொயின்டைத் தொட முன்னர், சில்லர் தயாரிப்பாளர் தந்த தாளில், சில்லருக்குள் நீர் குளிரும் பகுதியான எவாபரேட்டருக்கான குறைந்தபட்ச ஓட்டத்தைப் பாருங்கள். அதற்குக் கீழே போனால் குழாய்க்குள் நீர் உறையும் ஆபத்து உண்டு. ஓட்ட மீற்றரும் அதோடு இணைந்த பைபாஸ் வால்வும் பூட்டிய பிறகே அந்தப் பம்பின் வேகத்தைக் குறைக்கலாம்.