இறக்கத்தில் கயிறு வேண்டாம்

றம்பொடையிலிருந்து புசல்லாவைப் பக்கம் இறங்கும்போது வேன் நின்றுவிட்டால், கயிறு கட்டி இழுக்காதீர்கள். கயிறு இழுக்கத்தான் உதவும், பின்னால் வருவதைத் தடுக்காது. எஞ்சின் ஓடாத வேனில் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். வளைவில் முன்னால் இழுத்துப் போகும் லொறி வேகத்தைக் குறைத்தால் வேன் நேரே அதில்தான் மோதும். லொறியையும் வேனையும் இணைக்கும் இரும்புப் பார் கிடைக்கும்வரை சில்லுக்குக் கல் வைத்துக் காத்திருங்கள்.

பார் மாட்டிய பிறகும் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், லொறி முதல் கியரிலோ இரண்டாவதிலோ இறங்கட்டும். வேனில் லைசன்ஸ் உள்ளவரே உட்கார வேண்டும். சாவியை 'ஓன்' நிலையில் விடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நாலு சிக்னலும் மினுங்கும்போது பல வாகனங்களில் திரும்பும் சிக்னல் தெரியாது. அதனால் திரும்புமுன் கையை வெளியே நீட்டிக் காட்டுங்கள். அப்புறம், ஒரு நீண்ட ஹோர்ன் என்றால் 'நிறுத்து' என்று புறப்படுமுன்னே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.