தேய்மானம் இரண்டு, லாபம் இரண்டு: டெஃபர்டு டாக்ஸ் கணக்கிடுவது எப்படி?

ஒரே இயந்திரத்துக்குக் கம்பெனிக் கணக்கில் ஒரு தேய்மானம் போடுகிறோம், வருமான வரிக் கணக்கில் வேறொரு தேய்மானம் போடுகிறோம். அதனால் ஏட்டில் தெரியும் லாபமும் வரி கட்டும் லாபமும் ஒத்துப்போவதில்லை. இந்த வித்தியாசம் கால வித்தியாசம்தான். இன்று குறைவாகக் கட்டும் வரியை நாளை கூடுதலாகக் கட்டியாக வேண்டும். அந்த நாளைய வரியை இன்றே ஏட்டில் பொறுப்பாகக் காட்டுவதைத்தான் ஒத்திவைத்த வரி என்கிறோம். ஆபீஸ் பேச்சில் டெஃபர்டு டாக்ஸ். இந்தியாவில் இதற்கான விதி கணக்கியல் தரம் 22, அதாவது ஏஎஸ் 22.

கோவையில் பம்ப் உதிரிபாகம் கடையும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். 2022 ஏப்ரல் 1 அன்று 30,00,000 ரூபாய்க்கு ஒரு சிஎன்சி லேத் வாங்கி, அன்றே ஓட்டத் தொடங்குகிறது. வேறு சொத்து எதுவும் இல்லை. தேய்மானத்துக்கும் வரிக்கும் முந்தைய லாபம் ஒவ்வொரு ஆண்டும் 12,00,000 ரூபாய். கம்பெனி 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிஏஏ பிரிவின்படி வரி கட்டுகிறது.

படி 1: ஏட்டுத் தேய்மானம்

கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் தருகிறது. இறுதி மதிப்பாக 5 சதவீதத்தை, அதாவது 1,50,000 ரூபாயை ஒதுக்கினால் மீதி 28,50,000. நேர்க்கோட்டு முறையில் இதை 15-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 1,90,000 ரூபாய்.

இது ஒரு ஷிஃப்ட் ஓட்டத்துக்கான கணக்கு. ஆண்டு முழுக்க இரண்டு ஷிஃப்ட் ஓடினால் இந்தத் தேய்மானம் 50 சதவீதம் கூடி 2,85,000 ஆகிவிடும். கோவைப் பட்டறைகளில் இரண்டு ஷிஃப்ட் சாதாரணம் என்பதால், கணக்கைத் தொடங்கும் முன் உற்பத்திப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரியில் ஷிஃப்ட்டுக்கு என்று தனிக் கணக்கு இல்லை.

படி 2: வரித் தேய்மானம்

வருமான வரியில் இயந்திரங்களுக்கான பொது விகிதம் 15 சதவீதம். இது குறைந்து செல் மதிப்பு முறை. முதல் ஆண்டு 30,00,000-இல் 15 சதவீதம், அதாவது 4,50,000. இரண்டாம் ஆண்டு மீதமுள்ள 25,50,000-இல் 15 சதவீதம், அதாவது 3,82,500. மூன்றாம் ஆண்டு 21,67,500-இல் 15 சதவீதம், அதாவது 3,25,125.

வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி விகிதம்தான், அதாவது 7.5 சதவீதம். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பில் தேதி முக்கியமில்லை, இயந்திரம் ஓடத் தொடங்கிய தேதிதான் கணக்கு. 2022-23-இல் அக்டோபர் 3 அன்று ஓடத் தொடங்கினால் மார்ச் 31 வரை சரியாக 180 நாள், முழு விகிதம் கிடைக்கும். அக்டோபர் 4 என்றால் 179 நாள், பாதிதான். ஏட்டிலோ பாதி, முழுசு என்ற பேச்சே இல்லை. எத்தனை நாளோ அத்தனை நாளுக்குத்தான் தேய்மானம்.

இதே லேத் 2023 ஜனவரி 1 அன்று ஓடத் தொடங்கியிருந்தால் ஏட்டில் 90 நாளுக்கு 46,849 ரூபாய், வரியில் 2,25,000 ரூபாய். ஆக, பாதி விகிதம் கிடைத்தும் வித்தியாசம் 1,78,151 ரூபாய்.

படி 3: வரி விகிதம்

115பிஏஏ-வில் அடிப்படை வரி 22 சதவீதம். அதன் மேல் 10 சதவீத சர்சார்ஜ், இரண்டும் சேர்ந்ததன் மேல் 4 சதவீத செஸ். 22 × 1.10 × 1.04 = 25.168 சதவீதம். 22-ஐ மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் பொறுப்பு குறைத்துக் காட்டப்படும். இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்குக் கூடுதல் தேய்மானச் சலுகை கிடையாது. அதனால்தான் படி 2-இல் வெறும் 15 சதவீதத்தோடு நின்றோம்.

படி 4: இரண்டு மதிப்புகளையும் பக்கத்தில் வையுங்கள்

பலர் அந்தந்த ஆண்டின் இரண்டு தேய்மானங்களைக் கழித்து, வரும் தொகையை விகிதத்தால் பெருக்கி, அதையே இருப்புநிலைக் குறிப்பில் போட்டுவிடுகிறார்கள். முதல் ஆண்டில் விடை சரியாகவே வரும். இரண்டாம் ஆண்டில்தான் தடுமாறும், ஏனென்றால் போன ஆண்டின் பாக்கி மறந்துபோயிருக்கும். ஆண்டு இறுதியில் ஏட்டில் மிஞ்சும் மதிப்பிலிருந்து வரிக் கணக்கில் மிஞ்சும் மதிப்பைக் கழித்து விகிதத்தால் பெருக்குவதே பாதுகாப்பான வழி. கிடைப்பது இறுதி இருப்பு. அதற்கும் போன ஆண்டு இருப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த ஆண்டின் பதிவு.

| ஆண்டு | ஏட்டு மதிப்பு | வரி மதிப்பு | வித்தியாசம் | ஒத்திவைத்த வரி இருப்பு | ஆண்டின் பதிவு |
|---|---|---|---|---|---|
| 2022-23 | 28,10,000 | 25,50,000 | 2,60,000 | 65,437 | 65,437 |
| 2023-24 | 26,20,000 | 21,67,500 | 4,52,500 | 1,13,885 | 48,448 |
| 2024-25 | 24,30,000 | 18,42,375 | 5,87,625 | 1,47,893 | 34,008 |

எக்செலில் ஏட்டு மதிப்பு B பத்தியிலும் வரி மதிப்பு C பத்தியிலும் இருந்தால் இருப்புக்கான ஃபார்முலா இதுதான்:

```
=ROUND((B2-C2)*25.168%,0)
```

வரி மதிப்பை வரித் தணிக்கையின் 3சிடி படிவம், 18-ஆம் பத்தியிலிருந்து எடுங்கள். ஏட்டு மதிப்பை நிலைச் சொத்து அட்டவணையிலிருந்து எடுக்கும்போது நிலத்தை நீக்கிவிடுங்கள். நிலத்துக்கு இரண்டு பக்கமும் தேய்மானம் கிடையாது, 3சிடி-யிலும் அது வராது. தெரியாமல் சேர்த்துவிட்டால் ஏட்டுப் பக்கம் மட்டும் வீங்கும். ஒரு புதுச் சொத்தும் வாங்காத ஆண்டில் ஒத்திவைத்த வரி திடீரென்று லட்சக்கணக்கில் எகிறினால் முதலில் நிலத்தைத்தான் தேட வேண்டும். இன்னும் ஓடத் தொடங்காத, கட்டுமானத்தில் உள்ள சொத்துகளையும் இதேபோல் நீக்குங்கள்.

படி 5: பதிவு

2022-23-இன் குறிப்பேட்டுப் பதிவு:

ஒத்திவைத்த வரிச் செலவுக் கணக்கு – பற்று 65,437
ஒத்திவைத்த வரிப் பொறுப்புக் கணக்கு – வரவு 65,437

செலவு இலாப நட்டக் கணக்கில் நடப்பு வரிக்குக் கீழே தனி வரியாக வரும். பொறுப்பு இருப்புநிலைக் குறிப்பில் நீண்டகாலப் பொறுப்புகளின் கீழ் நிற்கும். அடுத்த ஆண்டு 48,448-க்கு மட்டும் பதிவு போடுங்கள். 1,13,885-ஐ முழுசாகப் போட்டுவிட்டால் போன ஆண்டின் 65,437 இரண்டு முறை ஏறிவிடும். டேலியில் லெட்ஜரின் தொடக்க இருப்பை ஒருமுறை பார்த்துவிட்டுப் பதிவு போடுவது நல்லது.

படி 6: சரிபார்ப்பு

2022-23-இல் ஏட்டு லாபம் 12,00,000 – 1,90,000 = 10,10,000. வரிக்கு உட்பட்ட வருமானம் 12,00,000 – 4,50,000 = 7,50,000. நடப்பு வரி 1,88,760. இதோடு ஒத்திவைத்த வரி 65,437-ஐக் கூட்டினால் 2,54,197. ஏட்டு லாபம் 10,10,000-ஐ 25.168 சதவீதத்தால் பெருக்கிப் பாருங்கள், அதே 2,54,197 வரும்.

2023-24-இல் நடப்பு வரி 2,05,748, ஒத்திவைத்த வரி 48,448, மொத்தம் 2,54,196. ரூபாய் முழுமையாக்கியதில் ஒரு ரூபாய் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நூறு, ஆயிரம் என்று வித்தியாசம் வந்தால் எங்கோ பிழை இருக்கிறது, அல்லது நிரந்தர வித்தியாசம் ஒன்று கலந்திருக்கிறது. சட்டமீறலுக்குக் கட்டிய அபராதம் அப்படிப்பட்டது. அது எந்த ஆண்டிலும் வரிக் கழிவாகத் திரும்பாது, எனவே அதற்கு ஒத்திவைத்த வரியும் இல்லை. அதைத் தனியே எழுதிவைத்து விளக்க முடிந்தால் கணக்கு சரி.

எப்போது திரும்பும்?

வரித் தேய்மானம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வரும். ஏட்டுத் தேய்மானம் 1,90,000-இலேயே நிற்கும். ஆறாம் ஆண்டில் வரித் தேய்மானம் 1,99,667, இன்னும் கொஞ்சம் அதிகம். ஏழாம் ஆண்டில் 1,69,717-ஆக இறங்கி ஏட்டுத் தேய்மானத்துக்குக் கீழே போய்விடுகிறது. அதே விகிதம் தொடர்ந்தால், ஆறாம் ஆண்டு முடிவில் 1,83,362-ஆக உச்சம் தொட்ட பொறுப்பு ஏழாம் ஆண்டு முடிவில் 1,78,257-ஆகக் குறையும். அந்த 5,105 ரூபாய்க்குப் பதிவைத் திருப்பிப் போட வேண்டும்: பொறுப்புக்குப் பற்று, வரிச் செலவுக்கு வரவு. அந்த ஆண்டு நடப்பு வரி 2,59,302. 5,105-ஐக் கழித்தால் மறுபடியும் 2,54,197.

வரி விகிதம் மாறினால்

இதே கம்பெனி முதல் இரண்டு ஆண்டு பழைய முறையில் 25 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 26 சதவீதம் கட்டியது என்று வையுங்கள். வருமானம் ஒரு கோடிக்குள் இருப்பதால் அங்கே சர்சார்ஜ் இல்லை. கூடுதல் தேய்மானம் எதுவும் எடுக்கவில்லை என்றும் கொள்வோம். 4,52,500 மீது நிற்கும் பொறுப்பு அப்போது 1,17,650. அடுத்து 115பிஏஏ-வுக்கு மாறினால் புது வித்தியாசத்துக்கு மட்டும் 25.168 போட்டால் போதாது. பழைய பாக்கி திரும்பும்போது புது விகிதத்தில்தான் திரும்பும். ஆகவே பழையதையும் 1,13,885-ஆக இறக்கி, 3,765 ரூபாயை அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். படி 4-இன் முறையில் முழு வித்தியாசத்தையும் புது விகிதத்தால் பெருக்கினால் இது தானாகவே நடந்துவிடும். படி 6-இன் சரிபார்ப்பு மட்டும் அந்த ஆண்டில் இதே 3,765 விலகும்.

இயந்திரத்தை விற்றால்

முதல் கணக்குக்கே திரும்புவோம். 2025 ஏப்ரல் 1 அன்று லேத்தை 20,00,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். ஏட்டு மதிப்பு 24,30,000, எனவே ஏட்டில் 4,30,000 நட்டம். வரிக் கணக்கில் மதிப்பு 18,42,375. வருமான வரியில் ஒரே வகை, ஒரே தேய்மான விகிதம் கொண்ட சொத்துகளை ஒரு பிளாக்காகச் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். பிளாக்கில் இருந்த ஒரே இயந்திரம் அதுதான் என்பதால் 1,57,625 குறுகிய கால மூலதன ஆதாயம் வருகிறது, அதற்கு 39,671 வரி. ஏட்டில் நட்டம், வரியில் ஆதாயம் என்று பார்த்துப் பதற வேண்டாம். இரண்டுக்கும் இடைவெளி 5,87,625. அது அட்டவணையின் கடைசி வரியில் நின்ற அதே தொகை. பொறுப்பாக நின்ற 1,47,893 முழுவதையும் திருப்பி, அதிலிருந்து 39,671-ஐக் கழித்தால் 1,08,222 நிகர வரவு. 4,30,000 நட்டத்தின் 25.168 சதவீதமும் அதுவே.

பிளாக்கில் இன்னும் இரண்டு லேத்துகள் இருந்து, மொத்த வரி மதிப்பு விற்ற தொகையைவிட அதிகமாகவும் இருந்தால் ஆதாயமே வராது. 20,00,000 பிளாக்கின் மதிப்பிலிருந்து கழியும், வித்தியாசம் மீதி இயந்திரங்களோடு பிளாக்குக்குள் தொடரும். அதனால் விற்ற இயந்திரத்துக்கு உரிய பொறுப்பைத் தனியாகப் பிரித்துத் திருப்ப முயலாதீர்கள். ஆண்டு இறுதியில் ஏட்டின் மொத்த மதிப்பையும் பிளாக்கின் மொத்த மதிப்பையும் எடுத்து, படி 4-ஐ அப்படியே போடுங்கள்.