கோடு போட்ட சட்டையிலிருந்து ஐடி கார்டை எடுப்பது எப்படி?

வரன் பார்க்க அனுப்பவோ, இறந்தவரின் படத்தைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டவோ, முகம் நன்றாக விழுந்த ஒரே படத்தைக் கொண்டுவருவார்கள். பார்த்தால் கழுத்தில் ஆபீஸ் டேக் தொங்கும். டேக்கை அழிப்பது சுலபம். அது மறைத்திருந்த துணியைத் திரும்ப உண்டாக்குவதுதான் வேலை. வெள்ளையில் நீலக் கோடு போட்ட சட்டை, மெரூன் நிற டேக், பட்டன் பட்டியின் மேல் தொங்கும் கார்டு என்று ஒரு படத்தை வைத்து, ஃபோட்டோஷாப்பில் செய்து பார்ப்போம்.

முதலில் எல்லையைப் பாருங்கள்

Ctrl+J அழுத்தி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை 200% பெரிதாக்கி, டேக்கின் ஓரத்தை மட்டும் கவனியுங்கள். வெளிச்சம் வராத பக்கத்தில் டேக்கின் நிழல் ஒரு மெல்லிய கோடாகத் துணியில் விழுந்திருக்கும். வெள்ளைத் துணியாக இருந்தால் மெரூன் சாயல் லேசாகப் படிந்தும் இருக்கும். டேக்கோடு இந்த இரண்டையும் சேர்த்தே மூட வேண்டும். நிழலை விட்டுவிட்டால், டேக் போன பிறகும் அதன் தடம் அப்படியே தெரியும்.

டேக் காலருக்குள் நுழையும் இடத்தில் Pen Tool எடுத்து, காலரின் ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டு, டேக் பக்கமாகச் சுற்றி மூடுங்கள். Ctrl+Enter கொடுத்தால் அது செலக்‌ஷன் ஆகிவிடும். அதற்குள் வேலை செய்தால் காலரின் ஓரம் கலையாது.

கோட்டோடு கோடு சேர்ப்பது

பலரும் இங்கே Healing Brush எடுப்பார்கள். அது சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து பூசும் பிரஷ். பக்கத்தில் மெரூன் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அதைத் துணிக்குள் இழுத்துவந்து அழுக்காக்கிவிடும். கோடுகளையும் மங்கலாக்கும். அதனால் துணியை வெட்டி ஒட்டுவதே நல்லது.

டேக் சாய்வாக இறங்குகிறது, கோடுகள் நேராக இறங்குகின்றன. ஆகவே டேக்குக்கு நேர் கீழே இருக்கும் துணியிலும் அதே கோடுகள்தான் ஓடும். Lasso Tool கொண்டு அந்த இடத்தில், டேக்கைவிடச் சற்று அகலமாக ஒரு துண்டைச் சுற்றி, Ctrl+J கொடுங்கள். துண்டு தனி லேயராக வந்துவிடும். Opacity-ஐ 50% ஆக்கி, கோட்டின் போக்கிலேயே மேலே நகர்த்துங்கள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காராவிட்டால், Ctrl+T அழுத்தி ரைட் கிளிக்கில் Warp எடுத்து மெதுவாக வளையுங்கள். பொருந்தியதும் Opacity-ஐ 100% ஆக்குங்கள்.

அப்புறம் லேயர் மாஸ்க். மென்மையான பெரிய பிரஷால் ஓரத்தை மறைத்தால், பழைய கோடும் புதுக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் இரட்டையாகத் தெரியும். துண்டின் பக்கவாட்டு ஓரம் ஒரு நீலக் கோட்டின் மேலேயே விழும்படி, சின்ன பிரஷால் மாஸ்க் பண்ணுங்கள். ஒட்டு கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரே நீளத் துண்டாக ஒட்டாமல், மூன்று நான்கு சிறு துண்டுகளாக ஒட்டுங்கள்.

கார்டு மறைத்த பட்டன்

மேலே தெரியும் பட்டனை, பட்டியோடு சேர்த்து நகல் எடுத்துக் கீழே இறக்குங்கள். எவ்வளவு கீழே? மறைபடாத இரண்டு பட்டன்களின் இடைவெளியை Ruler Tool-இல் அளந்து, அதே அளவு. பக்கவாட்டில் மட்டும் திருப்பிவிடாதீர்கள். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணிதான் மேலே வரும். படத்தில் பார்க்கும்போது பட்டியின் ஓரம் நம் இடக்கைப் பக்கம் இருக்கும். திருப்பினால் அது மாறிவிடும், மடிப்புகளின் நிழலும் எதிர்ப்பக்கம் விழும்.

மடிப்பும் வெளிச்சமும்

கோடு சரியாக உட்கார்ந்தும் துணி தட்டையாகத் தெரிகிறதா? மடிப்பு அறுந்துபோயிருக்கிறது. Alt பிடித்தபடி புது லேயர் குறியை அழுத்தி, Mode-இல் Soft Light வைத்து, கீழே உள்ள 50% gray கட்டத்தையும் டிக் செய்யுங்கள். மென்மையான பிரஷை 5% Opacity-இல் வைத்து, நிழலுக்குக் கறுப்பு, மேட்டுக்கு வெள்ளை என்று, டேக்குக்கு இருபுறமும் நின்றுபோன மடிப்புகளை இணையுங்கள். டேக்கின் எடையால் உண்டான சுருக்கம் இருந்தால் அதையும் தணித்துவிடுங்கள். டேக்கே இல்லாதபோது அங்கே சுருக்கம் இருக்கக் காரணமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் போட்டு கான்ட்ராஸ்டை மிக அதிகமாக ஏற்றிப் பாருங்கள். சாதாரணமாகத் தெரியாத ஒட்டுகள் திட்டுத்திட்டாகத் தெரியும். சரிசெய்ததும் அந்த லேயரை நீக்கிவிடலாம்.

மார்பு முழுவதையும் ஏப்ரன் மூடியிருந்தால் இந்த முறை போதாது. கைப்பகுதியின் கோடுகள் வேறு சாய்வில் ஓடும், அந்தத் துணியை எவ்வளவு வளைத்தாலும் மார்புத் துணி ஆகாது. அந்தச் சட்டை வீட்டில் இருந்தால், அதே உடல்வாகுள்ள ஒருவருக்குப் போட்டு, பழைய படத்தில் வெளிச்சம் வந்த பக்கத்திலிருந்தே வெளிச்சம் வைத்துப் படமெடுத்து, அந்த மார்புப் பகுதியை ஒட்டுங்கள்.