ஏலச்சீட்டுக் கணக்கைத் தணிக்கை செய்வது எப்படி? ஒரு மாதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

சீட்டுக் கணக்கைப் பார்க்க முதன்முதலாக உட்காருபவர்கள் பெரும்பாலும் மொத்த வரவையும் மொத்தச் செலவையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் பொருந்திவிடும். ஆனால் சீட்டில் தவறு நடப்பது மாதத்துக்குள்ளேதான். அதனால் ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து, அதை முழுசாகப் பிரித்துப் பாருங்கள்.

ஒரு லட்ச ரூபாய் சீட்டு, 20 பேர், 20 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதத் தவணை 5,000. ஒப்பந்தப்படி கமிஷன் 5 சதவீதம். நான்காவது மாத ஏலத்தில் ஒருவர் 28,000 தள்ளி எடுக்கிறார்.

முதலில் தாளில் கணக்கைப் போடுங்கள்

எடுத்தவருக்குச் சேர வேண்டியது 72,000. தள்ளிய 28,000-ல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 23,000. அதை 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,150. (எடுத்தவர்களுக்கும் இந்தப் பங்கு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். இங்கே உண்டு.) அப்படியானால் அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 3,850. இருபது பேருக்கும் 77,000. அதுவே 72,000-மும் 5,000-மும் சேர்ந்த தொகை. நடத்துபவரின் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே இது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

உறுப்பினர் பதிவேடு

இப்போது உறுப்பினர் பேரேட்டில் அந்த மாதப் பத்தியைப் பாருங்கள். 18 பேர் கட்டியிருக்கிறார்கள், இரண்டு பேர் பாக்கி. வசூல் 69,300, நிலுவை 7,700. இதோடு நிறுத்தாமல், ஐந்தாறு பேரின் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். எந்தெந்த ஆட்கள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், நடத்துபவர் எடுத்துக் கொடுப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பாஸ் புத்தகத்தில் 5-ம் தேதி கையெழுத்து இருந்து, நாட்குறிப்பில் அதே பணம் 19-ம் தேதி வரவாகியிருந்தால், வசூல் செய்பவர் இரண்டு வாரம் அதைக் கையில் வைத்திருந்திருக்கிறார். ஒன்றிரண்டு என்றால் தாமதமாக இருக்கலாம். ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு பெயரில் இதே இடைவெளி வந்தால், ஒருவர் பணத்தால் இன்னொருவர் கணக்கை அடைத்து வருகிறார் என்று அர்த்தம்.

சீட்டை விட்டு விலகியவர்களின் எண்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாரா, பழையவர் கட்டிய பணம் என்ன ஆனது என்று கேட்க வேண்டும். பொய்ப் பெயர்கள் அதிகம் நுழைவது இங்கேதான்.

எடுத்தவருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா?

தணிக்கையில் நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். நம் கணக்கில் வசூல் 69,300. கமிஷன் 5,000-ஐ எடுத்துவிட்டால் மீதி 64,300. கொடுக்க வேண்டியதோ 72,000. அந்த 7,700-ஐ நடத்துபவர் தன் கைப்பணத்திலிருந்து போட்டிருக்க வேண்டும். உறுப்பினர் கட்டாததைக் காரணம் காட்டி, எடுத்தவரின் தொகையில் கைவைக்க முடியாது.

நாட்குறிப்பில் 72,000 கொடுத்ததாக இருந்தும், நடத்துபவர் பணம் போட்ட பதிவு எங்குமே இல்லையென்றால் அந்த 7,700 எங்கிருந்து வந்தது? வேறொரு சீட்டுக் குழுவின் பணம் இங்கே வந்திருக்கலாம், அல்லது முழுத் தொகைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டுக் குறைத்துக் கொடுத்திருக்கலாம். வங்கி அறிக்கையில் தேதியும் தொகையும் பாருங்கள். அப்புறம் எடுத்தவரையே நேரில் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஒரு சிறிய சீட்டில் வவுச்சர் எல்லாம் சரியாக இருந்தது. எடுத்த அம்மாவைக் கேட்டபோதுதான் "பாதிதான் தந்தாங்க, மீதி அப்புறம்னு சொன்னாங்க" என்றார்.

ஜாமீன் தராததால் பணம் கொடுக்கவில்லை என்று சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி, அடுத்த தவணை வரும்வரை கொடுக்க முடியாத பரிசுத் தொகையை வங்கியில் தனிக் கணக்கில் போட வேண்டும். அந்தப் பாஸ் புத்தகத்தைக் கேளுங்கள். பொதுக் கணக்கிலேயே கிடந்தால் அதை எழுதி வையுங்கள்.

ஏல நடவடிக்கைக் குறிப்பையும் பார்க்க வேண்டும். அதன் நகலை 21 நாட்களுக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். குறிப்பில் உள்ள தள்ளுத் தொகையும், நீங்கள் கணக்குப் போட்ட 28,000-மும் ஒன்றுதானா?

கமிஷன்

இது சுலபம். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு முன்பு 5 சதவீதம், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம். ஆனால் உங்களுக்கு அளவுகோல் அந்தச் சீட்டின் ஒப்பந்தம்தான். அதில் 5 என்றிருந்தால் 7 எடுக்க முடியாது. சதவீதம் சீட்டின் முழுத் தொகைக்குத்தான். தள்ளு ஏறினாலும் இறங்கினாலும் நம் சீட்டில் அது மாதம் 5,000 தான். சேவைக் கட்டணம், எழுத்துக் கூலி என்று வேறு பெயரில் எடுத்ததையும் இதோடு கூட்டிப் பாருங்கள்.

கடைசி மாதத்தை மறக்காதீர்கள். அப்போது ஏலம் கிடையாது, மிச்சமிருக்கும் ஒருவருக்குக் கமிஷன் மட்டும் போக 95,000 போக வேண்டும். அது குறைந்திருந்தால், முந்தைய மாதங்களின் நிலுவைப் பட்டியலை மறுபடி எடுங்கள். பள்ளம் எந்த மாதத்தில் விழுந்தது என்று அதில் தெரிந்துவிடும்.