'ஏ கிரேடு' லேப்டாப்: கிரேடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் தங்கை மகளுக்குக் கல்லூரிக்காகப் பழைய லேப்டாப் வாங்கப் புதுச்சேரிக்குப் போயிருந்தோம். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்து, "ஏ கிரேடு சார், ஆறு மாத வாரண்டி" என்றார். மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கிரேடு பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்தான். எல்லாக் கடைகளுக்கும் பொதுவான அளவுகோலும் கிடையாது. ஒருவருடைய 'ஏ' இன்னொருவருக்கு 'பி' ஆக இருக்கலாம்.

முதலில், எந்த வகை என்று கேளுங்கள். 'ஓப்பன் பாக்ஸ்' என்பது பெட்டி பிரித்துத் திரும்பி வந்த, அல்லது கடையில் காட்சிக்கு வைத்திருந்த பொருள். அதற்குத் தயாரிப்பாளரின் வாரண்டி மிச்சம் இருக்கலாம். ஆனால் முதல் விற்பனை நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கியிருக்கக்கூடும். அடிப்பகுதியில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். 'ரீஃபர்பிஷ்டு' என்றால் சோதித்துப் பழுது நீக்கியது. யார் சோதித்தார், எந்தப் பாகத்தை மாற்றினார் என்று கேட்க வேண்டும். 'யூஸ்டு' என்பது இருந்தபடியே கைமாறுவது.

அடுத்தது பேட்டரி. ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
powercfg /batteryreport
```

அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று திரையிலேயே தெரியும். அந்தக் கோப்பைத் திறந்து DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். நாங்கள் பார்த்த லேப்டாப்பில் முதலாவது 50,000, இரண்டாவது 29,000. புதிதில் பிடித்த மின்சாரத்தில் 58 சதவீதம்தான் இப்போது பிடிக்கிறது. புதிதாக ஆறு மணி நேரம் ஓடியிருந்தால் இன்று மூன்றரை மணி நேரம்கூட ஓடாது. மேல் மூடியோ பளபளவென்று இருக்கிறது!

பழைய லேப்டாப்பில் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தால் உடனே மகிழ வேண்டாம். பேட்டரி புதிதாக இருக்கலாம். பேட்டரிக்குள் பதிவான பழைய கணக்கு மட்டும் அழிக்கப்பட்டிருக்கவும் கூடும். முழு சார்ஜில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, கடையிலேயே அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். 10 சதவீதம் குறைந்தால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தாங்கும். 25 குறைந்தால் இரண்டு மணி நேரம்தான்.

கடைசியாக, பில்லின் பின்பக்கம். நாங்கள் வாங்கவிருந்த ஆறு மாத வாரண்டியில் 'பேட்டரி, சார்ஜர், திரை நீங்கலாக' என்று பொடி எழுத்தில் இருந்தது. இவைதானே முதலில் போகும் பாகங்கள்! பழுதானால் பணம் திரும்ப வருமா, பழுது மட்டும் பார்ப்பார்களா, எத்தனை நாளில் என்றும் கேட்டோம். கடைக்காரர் நல்ல மனிதர். அறிக்கையைக் காட்டியதும் மறுக்காமல் பேட்டரியை மாற்றித் தந்தார். பணம் கொடுக்கும் முன் பில்லில் அவர் கையாலேயே எழுதி வாங்கினோம்: 'புதிய பேட்டரி, ஆறு மாதம், பழுதானால் மாற்றித் தரப்படும்.'